ஒற்றைக்கோட்டு மின் வரைபடம்: மீட்டர் முதல் அறை வரை மின்சாரத்தின் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு லாட்ஜ். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். மாடிக்கு எட்டு அறைகள், மொத்தம் இருபத்து நான்கு. எல்லா அறையிலும் ஒன்றரை டன் ஏசி; வெந்நீருக்கு மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலன்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் கரண்டை நிறுத்தும் நாட்களில் அங்கே ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுவதில்லை. சில நிமிடம் நிதானமாக ஓடும். பிறகு இரைச்சல் ஏறும், விளக்குகள் ஒரு துடிப்பு துடிக்கும், திடீரென்று எஞ்சின் திணறும், மறுபடி அமைதியாகும். இரவில் கரண்ட் போனால் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. ஜெனரேட்டர் மெக்கானிக் இரண்டு முறை வந்து, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவதாக என்னை அழைத்தார்கள்.

நான் முதலில் கேட்டது ஜெனரேட்டர் அறையின் சாவியை அல்ல, கட்டடத்தின் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை. வரவேற்பு மேசையின் கீழ் அறையில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது. அந்தத் தாளை எப்படி வாசித்தேன் என்பதையே இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன். உங்கள் கட்டடம் கல்யாண மண்டபமாக இருக்கலாம், மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையாக இருக்கலாம். வாசிக்கும் முறை மாறாது.

ஒற்றைக்கோடு என்றால் என்ன?

மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் சேர்ந்து போகிற பாதையை ஒரே கோடாக வரைந்திருப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் சாய்வாகச் சின்னச் சின்ன வெட்டுக்கோடுகள் இருந்தால், அவற்றின் எண்ணிக்கைதான் உள்ளே போகும் கம்பிகளின் எண்ணிக்கை. கட்டடத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை இந்த வரைபடம் சொல்லாது. ஜெனரேட்டர் தாளில் பானலுக்குப் பக்கத்தில் இருக்கும். நேரில் அது பின் முற்றத்தில் முப்பது அடி தள்ளி நிற்கும். எதிலிருந்து எதற்குக் கரண்ட் போகிறது, வழியில் எந்த பிரேக்கர் நிற்கிறது என்பதை மட்டுமே இந்தத் தாளிடம் கேட்க வேண்டும்.

குறியீடுகள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். கோட்டில் ஒரு திறந்த கதவு போலச் சாய்ந்த கோடு இருந்தால் அது ஒரு சுவிட்ச். அந்தக் கதவு போய்த் தொடும் முனையில் பெருக்கல் குறி இருந்தால் அது சர்க்யூட் பிரேக்கர். பழுது வந்தால் தானாக விழும். பெருக்கல் குறிக்குப் பதில் சிறு குறுக்குக்கோடு இருந்தால் ஐசொலேட்டர்; அது தானாக விழாது, கையால்தான் இயக்க வேண்டும். நீள்சதுரத்தின் நடுவே கோடு ஓடினால் பியூஸ். வட்டத்துக்குள் ஜி என்ற ஆங்கில எழுத்து ஜெனரேட்டர், எம் என்ற எழுத்து மோட்டார். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வட்டங்கள் டிரான்ஸ்பார்மர். இந்த லாட்ஜ் தாழ்வழுத்த இணைப்பில் இருப்பதால் அது இங்கே இல்லை. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே புள்ளிக்கோடு இருந்தால் அவற்றுக்குள் ஒரு பூட்டு உண்டு, ஒன்று மூடியிருக்கும்போது மற்றது மூடாது என்று பொருள். இந்தக் குறிகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஆனாலும் வரைகிறவர் கைக்குக் கை சில குறிகள் மாறும். அதனால் தாளின் ஓரத்தில் குறியீட்டு விளக்கப் பெட்டி இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

குறியீட்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியை. இந்த லாட்ஜின் தாளில் 2012 என்றிருந்தது. அதன் கீழ் பேனாவால் ஜெனரேட்டர் பெட்டி ஒன்றைச் சேர்த்து 2018 என்று யாரோ எழுதியிருந்தார்கள். காரணம் கேட்காமலே புரிந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கியவர்களில் இந்த உரிமையாளரும் ஒருவர். மொட்டை மாடியில் மின்சாரம் தரும் சூரியத் தகடுகள் அதற்கும் பின்னால் வந்தவை. அவற்றையும் பென்சிலால் வரைந்திருந்தார்கள், தேதி இல்லாமல். தேதி இல்லாத கோட்டை நான் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் சொன்ன வாய்மொழியாகவே எடுத்துக்கொள்வேன்.

முதல் படி: எத்தனை இடத்திலிருந்து கரண்ட் வருகிறது?

பெரும்பாலானோர் தாளின் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் தாள் முழுவதும் கண்ணை ஓட்டி, கரண்டை உண்டாக்கும் அல்லது உள்ளே கொண்டுவரும் இடங்களை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவேன். இங்கே மூன்று: மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர், சூரிய மின்சாரத்தின் இன்வெர்ட்டர். சில கட்டடங்களில் கம்ப்யூட்டர்களுக்கான யுபிஎஸ் நாலாவதாக இருக்கும். அதையும் விடக்கூடாது, மெயினை நிறுத்திய பிறகும் அதன் வெளிவழியில் கரண்ட் இருக்கும்.

இந்த லாட்ஜின் தாளைச் சுருக்கினால் இப்படி வரும்:

```
மின்கம்பம் → மீட்டர் → மெயின் 125 → பஸ் 1
   பஸ் 1 → 40 → 1ஆம் மாடி ஏசி
   பஸ் 1 → 40 → 2ஆம் மாடி ஏசி
   பஸ் 1 → 40 → 3ஆம் மாடி ஏசி
   பஸ் 1 ← 20 ← சூரிய இன்வெர்ட்டர்
   பஸ் 1 → 63 → மாற்றுச் சுவிட்ச் (நிலை I)
ஜெனரேட்டர் → 40 → மாற்றுச் சுவிட்ச் (நிலை II)
மாற்றுச் சுவிட்ச் 63 → பஸ் 2
   பஸ் 2 → 32 → 1, 2, 3ஆம் மாடி விளக்குகள் (தனித்தனியே)
   பஸ் 2 → 32 → லிப்ட்
   பஸ் 2 → 20 → தண்ணீர் பம்ப்
   பஸ் 2 → 32 → சமையலறை, வரவேற்பு
```

எண்கள் எல்லாம் ஆம்பியர். பஸ் என்றால் பஸ்பார், அதாவது பானலுக்குள் ஓடும் செம்பு அல்லது அலுமினியப் பட்டை. தாளில் அது தடித்த கிடைக்கோடு. என்னோடு வந்த பையன் முதல் நாள், "அண்ணே, பஸ் 1 எந்த ரூட்டில் போகிறது?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் பெயருக்கு அதுவே பொருத்தமான விளக்கம். எல்லோரும் ஏறவும் இறங்கவும் பொதுவான ஒரு வண்டி. ஒரு பஸ்ஸில் கரண்ட் இருந்தால் அதிலிருந்து கிளம்பும் எல்லாக் கிளைகளின் வாசலிலும் கரண்ட் இருக்கும். ஆகவே வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த பஸ்ஸுக்குள் கரண்ட் எந்தெந்த வாசல் வழியாக வர முடியும்?

பஸ் 1க்கு இரண்டு வாசல்: மின்வாரியம், சூரியம். பஸ் 2க்கு ஒரே வாசல், மாற்றுச் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் I என்ற நிலையில் இருந்தால் பஸ் 1 வழியாக, II என்ற நிலையில் இருந்தால் ஜெனரேட்டரிலிருந்து. நடுவே 0. இதை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் நாம் இங்கேயேதான் வந்து நிற்கப்போகிறோம்.

இரண்டாம் படி: பிரேக்கரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது

மெயினுக்குப் பக்கத்தில் 125 ஆம்பியர், நான்கு போல், 25 கிலோ ஆம்பியர் என்று எழுதியிருந்தது. முதல் எண் அது தொடர்ந்து தாங்கும் கரண்ட். கடைசி எண் ஷார்ட் ஆகும்போது அது சிதறாமல் துண்டிக்கக்கூடிய அளவு. நடுவில் இருப்பது எத்தனை கம்பியைத் துண்டிக்கிறது என்பது. நான்கு போல் என்றால் மூன்று பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து விலகும்.

125 சரிதானா என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மின்வாரியத்திடம் வாங்கிய அனுமதி 60 கிலோவாட். வரைபடங்களில் மூன்று பேஸ் அழுத்தத்தை 415 வோல்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். pf என்பது பவர் பேக்டர்; அதை 0.9 என்று வைத்துக்கொண்டேன்.

```
I = P / (1.732 × V × pf)
I = 60000 / (1.732 × 415 × 0.9) ≈ 93 A
```

93க்கு 125 போதும். ஆனால் இந்த வகைப் பெரிய பிரேக்கர்களின் முகத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பானலைத் திறந்து பார்த்தபோது அது 0.8இல் நின்றது. 125இன் 0.8 பங்கு 100. ஆக, தாளில் 125 என்றிருந்தாலும் இந்த பிரேக்கர் நடைமுறையில் 100 ஆம்பியர் பிரேக்கர். வரைபடம் பெட்டியின் அளவைச் சொல்கிறது, திருகின் நிலையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 100ஐத் தாண்டி விழுந்துவிட்டு "125 பிரேக்கர் ஏன் விழுந்தது?" என்று குழம்புகிறவர்கள் இந்தத் திருகைப் பார்க்காதவர்கள்தாம்.

ஜெனரேட்டர் 30 கேவிஏ. இதற்கு பவர் பேக்டரை நுழைக்க வேண்டாம், கேவிஏவை நேராக வகுத்தால் போதும்:

```
I = 30000 / (1.732 × 415) ≈ 42 A
```

அதனால்தான் அதன் பிரேக்கர் 40. இப்போது பஸ் 2ஐப் பாருங்கள். மின்வாரியக் கரண்டில் இருக்கும்போது அதற்கு 63 ஆம்பியர் வரை கிடைக்கும், ஜெனரேட்டரில் 40தான். கீழே அதே லிப்ட், அதே பம்ப். மாற்றுச் சுவிட்ச் பக்கம் மாறியதும் மேலே உள்ள வரம்பு சுருங்கிவிடுகிறது. 5 குதிரைத்திறன் பம்ப் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். லிப்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது பம்ப்பைப் போட்டால் ஜெனரேட்டர் தடுமாறுவது இதனால்தான்.

மாற்றுச் சுவிட்சும் நான்கு போலாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று போல் சுவிட்சைப் போட்டு நியூட்ரலை நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டிய பானல்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கட்டடம் ஜெனரேட்டரில் ஓடும்போதும் அதன் நியூட்ரல் மின்வாரியத்தின் நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தெருவில் வேலை செய்யும் லைன்மேனின் கையில் இருப்பது அந்தக் கம்பிதான்.

மூன்றாம் படி: மாடிப் பெட்டிக்குள் இறங்குவது

பஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோடும் ஒரு மாடிப் பெட்டியில் முடியும். கோட்டின் மேல் கேபிளின் அளவு எழுதியிருக்கும். மூன்றரைக் கோர் என்று இருந்தால் பயப்பட வேண்டாம்; மூன்று முழுக் கம்பியும், அவற்றில் சுமார் பாதிப் பருமனுள்ள நியூட்ரலும் என்று பொருள்.

இரண்டாம் மாடி ஏசி பெட்டியை எடுத்துக்கொள்வோம். பானலில் 40 ஆம்பியர் பிரேக்கர். பெட்டியின் வாசலில் 63 ஆம்பியர் நான்கு போல் ஆர்சிசிபி. உள்ளே ஏசிக்கு ஒன்றாக எட்டு எம்சிபிகள், அதாவது சிறு பிரேக்கர்கள், ஒவ்வொன்றும் 20. "மேலே 40, நடுவில் 63, கீழே 20. நடுவில் இருப்பது தப்பு இல்லையா?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆர்சிசிபி கசிவைப் பார்க்கிற சாதனம். கூடுதல் சுமைக்கு அது விழாது. அதில் எழுதியிருக்கும் 63 அது தாங்கும் அளவு மட்டுமே. அதனால் அதற்கு மேலே இருக்கிற பிரேக்கர் 63 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே 40, சரி. ஆர்சிசிபியைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் 100, 40, 20 என்று எண்கள் இறங்கிக்கொண்டே வரும். இறங்காமல் இரண்டு அடுத்தடுத்து ஒரே எண்ணாக இருந்தால், ஓர் அறையில் வரும் பழுதுக்கு மாடியே இருண்டுபோக வாய்ப்பு உண்டு.

ஒற்றைக்கோட்டு வரைபடத்தின் எல்லை இங்கே வந்துவிடுகிறது. எந்த அறை எந்த பேஸில் என்பது இதில் இருக்காது. அதற்குப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிய அட்டவணையைப் பார்க்க வேண்டும். இந்த மாடியில் 201, 204, 207 சிவப்பு பேஸ்; 202, 205, 208 மஞ்சள்; 203, 206 நீலம். மற்ற மாடிகளிலும் இதே வரிசை.

நான்காம் படி: அறையிலிருந்து மேலே ஏறுவது

பழுது என்று வந்தால் வாசிக்கும் திசை திரும்பிவிடும். 207இல் விளக்கு எரிகிறது, ஏசி ஓடவில்லை என்று ஒரு புகார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் தாளைப் பார்த்தால் விளக்கு பஸ் 2, ஏசி பஸ் 1 என்பது தெரியும். இரண்டும் வேறு வேறு வழி. விளக்கு எரிவது ஏசிக்குச் சாட்சி ஆகாது. மின்தடையாக இருந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் ஏசி ஓடாதது பழுதே அல்ல, கட்டடத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

மின்தடை இல்லை என்றால் பக்கத்து அறையை அல்ல, அதே பேஸில் இருக்கும் அறையைக் கேளுங்கள். 204இல் ஏசி ஓடினால் பழுது 207இன் எம்சிபியிலோ அதற்குக் கீழோ. 201, 204, 207 மூன்றும் நின்றிருந்தால் அந்தப் பெட்டியின் சிவப்பு பேஸ் செத்திருக்கிறது. இப்போது ஒரு மாடி இறங்கி 104ஐப் பாருங்கள். அங்கே ஏசி ஓடினால் பழுது பஸ் 1க்கும் இரண்டாம் மாடிப் பெட்டிக்கும் நடுவில்: 40 பிரேக்கரின் ஒரு போல், கேபிளின் ஒரு முனை, ஆர்சிசிபியின் திருகு. 104ம் நின்றிருந்தால் பழுது பஸ்ஸுக்கும் மேலே. பெரும்பாலும் தெருக் கம்பத்தில் ஒரு பியூஸ் போயிருக்கும். மூன்று அறைக் கதவைத் தட்டியதிலேயே கட்டடத்தின் முக்கால்வாசியைக் கழித்துவிட்டோம். கடற்கரைக் கட்டடங்களில் நான் அதிகம் பார்ப்பது நடுவில் சொன்ன வகைதான். உப்புக் காற்றில் அலுமினிய முனைகள் பூத்துப்போய், சுமை ஏறும்போது சூடாகி, ஒரு பேஸ் மட்டும் கருகிவிடும்.

ஐந்தாம் படி: தாள் சொல்வது மெய்தானா?

இனி ஜெனரேட்டர் கதைக்கு வருவோம். தாளின்படி ஜெனரேட்டர் ஓடும்போது பஸ் 2இல் அது மட்டுமே இருக்க வேண்டும். சூரிய இன்வெர்ட்டர் பஸ் 1இல் இருக்கிறது. மின்வாரியக் கரண்ட் போனதும் பஸ் 1 செத்துவிடும். இவ்வகை இன்வெர்ட்டர் தானாக அழுத்தத்தை உண்டாக்காது, எதிரே ஓர் அழுத்தம் இருந்தால்தான் அதோடு சேர்ந்து கரண்டைத் தள்ளும். அழுத்தம் போனதும் தானாக நின்றுவிடும். ஆகத் தாள் மெய் என்றால் பகலுக்கும் இரவுக்கும் ஜெனரேட்டருக்கு வித்தியாசம் இருக்கக் காரணமே இல்லை. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பகலில் இருந்து இரவில் இல்லாதது ஒன்றுதான். தேதி இல்லாத அந்தப் பென்சில் கோட்டை நான் சந்தேகித்தது அங்கேதான்.

மார்ச் மாதம், தேர்வுக் காலம், மூன்றாம் மாடியில் ஆள் இல்லை. மின்வாரியக் கரண்ட் இருக்கும் ஒரு நண்பகலில் பானலைத் திறந்து, பஸ் 2இலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளின் ஒவ்வொரு பேஸையும் தனித்தனியே, கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பிடித்தோம். பானலின் முன்மூடியைத் திறந்து அளப்பது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. படித்துவிட்டுக் கையை விடாதீர்கள். முதல் மாடி விளக்குகள்: 3, 1, 2. இரண்டாம் மாடி: 2, 4, 1. விளக்குச் சுமை அப்படித்தான் ஏறுக்குமாறாக இருக்கும். மூன்றாம் மாடி: 11, 11, 11. நியூட்ரலில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

காலியான மாடியில் பதினொன்று. அதுவும் மூன்று பேஸிலும் ஒரே அளவு. விளக்கும் மின்விசிறியும் ஒருநாளும் இப்படிப் பங்கு பிரித்துக்கொள்ளாது. மூன்று பேஸ் இயந்திரம் ஒன்றுதான் இப்படிச் சமமாக இருக்கும். கிளாம்ப் மீட்டர் அளவை மட்டுமே காட்டும், கரண்ட் கீழே போகிறதா மேலே வருகிறதா என்று காட்டாது. பையனை மொட்டை மாடிக்கு அனுப்பி இன்வெர்ட்டரின் திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். 8 கிலோவாட் என்றான்.

```
I = 8000 / (1.732 × 415) ≈ 11 A
```

இன்வெர்ட்டரை நிறுத்தச் சொன்னேன். என் கையில் இருந்த எண் ஒன்றுக்குக் கீழே விழுந்தது. சூரியத் தகடுகளைப் பொருத்த வந்தவர்கள் கேபிளைத் தரைத்தளப் பானல் வரை இறக்காமல், மொட்டை மாடிக்கு மிக அருகில் இருந்த மூன்றாம் மாடி விளக்குப் பெட்டியில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தாளில் பஸ் 1. நேரில் பஸ் 2. பஸ் 1இல் தாள் காட்டிய அந்த 20 ஆம்பியர் பிரேக்கர் இருந்தது. அதன் கீழ் முனையில் கம்பியே இல்லை.

இப்போது பகல் நேர மின்தடையில் நடப்பதை வாசித்துப் பாருங்கள். மாற்றுச் சுவிட்ச் II. ஜெனரேட்டர் பஸ் 2ஐ எழுப்புகிறது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்வெர்ட்டர், "கரண்ட் வந்துவிட்டது" என்று நம்பி 8 கிலோவாட்டைத் தள்ளத் தொடங்குகிறது. ஆள் குறைந்த லாட்ஜில் அந்நேரம் சுமை ஐந்து கிலோவாட் இருந்தாலே அதிகம். மிச்சம் போக வேறு வழியில்லாமல் ஜெனரேட்டருக்குள் திரும்புகிறது; அதில் கரண்டை உண்டாக்கும் ஆல்ட்டர்னேட்டர் மோட்டாராகி எஞ்சினைத் தள்ளுகிறது. வேகம் கூடுகிறது, இரைச்சல் ஏறுகிறது, அதிர்வெண் எல்லை மீறியதும் இன்வெர்ட்டர் விலகிக்கொள்கிறது. சுமை முழுவதும் ஒரே கணத்தில் எஞ்சின் தலையில் விழுகிறது. எஞ்சின் திணறி நிதானத்துக்கு வரும். சில நிமிடத்தில் இன்வெர்ட்டர் மறுபடி சேரும். கவர்னர் மேல் ஒரு குற்றமும் இல்லை. லாட்ஜ் நிறைந்திருக்கும் ஐயப்ப சீசனில் சுமை எட்டு கிலோவாட்டை மிஞ்சிவிடுவதால் இந்தக் கோளாறு வெளியே தெரியாமலே கிடந்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் கை வைப்பதற்கு முன்

மூன்றாம் மாடி விளக்குப் பெட்டியிலிருந்து சூரியக் கேபிளைப் பிரிக்க வேண்டும். தாளை நம்பிய ஒருவர் பானலில் அந்த மாடியின் 32 பிரேக்கரை மட்டும் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார். பெட்டிக்கு இன்னொரு வாசல் இருப்பது அவருக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் இயந்திரத்தின் நற்குணத்தை நம்பி வெறுங்கையால் கம்பியைத் தொடக்கூடாது.

நாங்கள் செய்த வரிசை இது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, அதிலிருந்து பெட்டிக்குப் போகும் மாறுமின்னோட்டப் பக்க ஐசொலேட்டரையும், தகடுகளிலிருந்து வரும் டிசி ஐசொலேட்டரையும் திறந்தோம். டிசி ஐசொலேட்டருக்கும் தகடுகளுக்கும் இடைப்பட்ட கம்பியில் வெயில் இருக்கும் வரை கரண்ட் இருந்தே தீரும். அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு பானலில் மூன்றாம் மாடியின் 32ஐத் திறந்து பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜெனரேட்டரின் தானியங்கி ஸ்டார்ட்டைக் கைமுறைக்கு மாற்றினோம். கடைசியாக டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பெட்டியில் பேஸுக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் அளந்து, மீண்டும் அதே கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரைச் சோதித்தோம். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அதுவும் சுழியம்தானே காட்டும்.

புதுக் கேபிளை மொட்டை மாடியிலிருந்து தரைத்தளப் பானலுக்கு இறக்கி, காலியாக இருந்த அந்த 20 பிரேக்கரில் கொடுத்தோம். அடுத்த பராமரிப்பு நாளில் பகல் முழுவதும் ஜெனரேட்டர் ஒரே சுருதியில் ஓடியதாக மேலாளர் சொன்னார். பென்சில் கோட்டின் மேல் மையால் வரைந்து, தேதியும் என் கையெழுத்தும் போட்டு, ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பானல் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். உறை இல்லாமல் ஒட்டினால் அந்தக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.